பச்சைக்கோடும் சிவப்புக்கோடும்

கொடைக்கானலில் ஒரு கல்லூரிக்கு இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அங்கே தமிழ் நடத்தும் மேடம் ஒருவர், என்னைப் போல் எட்டாவதோடு நின்றவர்கள் எழுதியதையும், அதே தலைப்பில் கணினி எழுதியதையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். சொந்த அனுபவம், சொந்த எழுத்து என்று கையெழுத்தும் வாங்கியிருந்தார். தலைப்பு இரண்டு: நான் செய்த வேலை, நான் பார்த்த சாவு.

வேலைக்கு, மலையில் கிளாவரை ஊரில் பூண்டு பிடுங்கியதை எழுத உட்கார்ந்தேன். பிழை வருமே என்று கூசி, போனிடமே எழுதித் தரக் கேட்டேன். வாசனை, சத்தம், சாமான் பேரெல்லாம் வரணும் என்றும் சொல்லிவைத்தேன். வந்ததைப் பார்த்து எழுதினேன். அம்மாவின் சாவை மட்டும் நானே எழுதினேன்.

ஒரு வாரம் கழித்து மேடம் கூப்பிட்டார். மேசையில் என் இரண்டு பக்கமும் இருந்தன. தொட, பார்க்க, முகர முடிகிற பொருளின் பெயருக்கெல்லாம் பச்சைக்கோடு. துயரம், பாசம், போராட்டம் மாதிரி கையில் பிடிபடாதவற்றுக்குச் சிவப்பு. நூறு சொல்லுக்கு எத்தனை என்று எண்ணுவாராம். மொத்தக் குவியலாகப் பார்த்தால் கணினி எழுதியதில் சிவப்பு கூடுதலாம். ஒரே பக்கத்தை வைத்து இன்னார் எழுதியது என்று சொல்ல முடியாது, அதனால்தான் உங்களையே கூப்பிட்டுக் கேட்கிறேன் என்றார்.

பூண்டுப் பக்கம் முழுக்கப் பச்சை. மாணவிகளுக்குக் காட்டப்போவதாகச் சொன்னார். அம்மா பக்கம் முழுக்கச் சிவப்பு.

"இந்த அம்மா பக்கம் நீங்க எழுதுனதுதானாண்ணே? சங்கடப்படாமச் சொல்லுங்க. எந்தக் குவியல்ல வைக்கிறதுன்னு தெரியணும்."

ஆமாம் போன்தான் என்றிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

"அதுதான் மேடம் நான் எழுதுனது. பூண்டுதான் போன் எழுதுனது."

பேனாவை மூடினார். பூண்டுப் பக்கத்தை மறுபடி படித்தார். "வயலெல்லாம் பூண்டுப் பூ மணத்துச்சுன்னு இருக்கு. பூத்துப் பாத்திருக்கீங்களா?"

பார்த்ததில்லை என்றேன். "நானும் நம்பிட்டேன் பாருங்க" என்று அவரே சிரித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலை குனிந்துவிட்டது.

பிறகு, அம்மா போன அன்று வீட்டில் கிடந்த ஒரு பொருளையாவது சொல்லச் சொன்னார். பாய், செம்பு, எதுவானாலும்.

"நான் அங்கன இல்ல மேடம்."

அன்றைக்கு ஒட்டன்சத்திரம் சந்தையில் கோஸ் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். அம்மா போய்விட்டதாக மத்தியானமே போன் வந்தது. பஸ்ஸும் இருந்தது. லோடை முடித்துவிட்டுப் போகலாம் என்று நின்றேன். முடித்த பிறகும் போகப் பயந்து ரெண்டு நாள் அங்கேயே சுற்றினேன். ஊருக்குப் போனபோது அடக்கம் முடிந்திருந்தது. அம்மா பக்கத்தில் இதில் ஒரு வரிகூட எழுதவில்லை என்று எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னேன்.

இரண்டு பக்கத்தையும் ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டார். திட்டவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை நீட்டி, அந்த மத்தியானத்தை எழுத முடியுமா என்று கேட்டார்.

வாங்கிக்கொண்டேன். நனைந்த சாக்கின் நாற்றம், கழுத்தில் ஒட்டிய கோஸ் இலை, லாரிக்காரன் தின்ற வடை எல்லாம் இப்போதும் துல்லியமாக நினைவிருக்கின்றன. அதையெல்லாம் நான் பார்த்த சாவு என்ற தலைப்புக்குக் கீழே எழுதத்தான் கை வரவில்லை.