உப்பில் இல்லாத மூலக்கூறு

வெள்ளவத்தை ஸ்டேஷனில், தெஹிவளைக்குப் போகும் என் தோழியின் ரயிலுக்காகக் காத்திருந்தோம். இருவரும் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். மறுநாள் இரசாயனவியல் சோதனை. நான் கொப்பியில் ஐந்து பெட்டிகள் கீறி, மூலகம், சேர்வை, கலவை, அணு, மூலக்கூறு என்று தலைப்பு எழுதி, ஒவ்வொரு பொருளையும் ஏதாவது ஒரு பெட்டிக்குள் போட்டுக்கொண்டிருந்தேன். ஒட்சிசன் வாயுவை மூலகத்தில் போட்டேன்.

“அது மூலக்கூறாயும் இருக்குதே. ரெண்டு அணு சேர்ந்திருக்கு,” என்றாள்.

“அப்ப சேர்வையா?”

“இல்லை. சேர்வைக்கு வேற வேற மூலகம் சேரவேணும். இதில ரெண்டும் ஒரே மூலகத்தின்ர அணு. பொருள் என்ன எண்டது ஒரு கேள்வி. அது என்ன துணிக்கையால ஆனது எண்டது வேற கேள்வி. நீ ரெண்டையும் ஒரே வரிசையில வைச்சிட்டாய்.”

அவள் சொன்னது சரி. அதனால்தான் எரிச்சல் வந்தது. கடற்காற்றில் என் கண்ணாடியில் படிந்திருந்த உப்பைக் காட்டினேன்.

“உப்பு சேர்வை. ஒரு சோடியம், ஒரு குளோரின், சேர்ந்தா ஒரு மூலக்கூறு. இதிலயும் பிழை பிடிப்பியா?”

“ஓம். உப்பில மூலக்கூறே இல்லை. சோடியம் அயனும் குளோரைட்டு அயனும் மாறி மாறி அடுக்கியிருக்கு. சோடி சோடியாப் பிரிஞ்சு நிக்கிறேல்லை. ஆனா சேர்வைதான்.”

ரயில் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போனது. நான் பெஞ்சிலேயே இருந்தேன். பின்னேரங்களில் என்னிடம் டியூஷன் படிக்கும் ஆறு பிள்ளைகளின் கொப்பிகளிலும் உப்பு மூலக்கூறு இருந்தது. இரண்டு நிறத்தில், அழகாக, நானே கீறிக் கொடுத்தது.