வெட்டிய கழி

எல்லாரும் என் காலைத்தான் பார்ப்பார்கள். விழுப்புரம் சந்தைத் திடலாகட்டும், விக்கிரவாண்டி ரோட்டோரமாகட்டும், நான் கயிற்றின் மேல் ஏறிவிட்டால் கீழே நிற்கும் அத்தனை பேர் கண்ணும் என் பாதத்தில் வந்து ஒட்டிக்கொள்ளும். எனக்கு எரிச்சலாக வரும். கால் என்ன செய்கிறது? நிற்கிறது, அவ்வளவுதான். வேலை எல்லாம் கையில் பிடித்த கழியில் நடக்கிறது. அதை ஒருத்தரும் பார்த்ததில்லை.

நாங்கள் கழைக்கூத்தாடிகள். விழுப்புரத்தில் தண்டவாளத்தை ஒட்டிய குடிசை ஒன்றில் நானும் என் வீட்டுக்காரரும் இருந்தோம். பிள்ளை இல்லை. நான் கயிற்றில் நடப்பேன், அவர் கீழே மேளம் அடிப்பார். கல்யாணத்துக்கு முன்பு அவரும் நடந்தவர்தான், என்னைவிட நன்றாகவே நடப்பார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். பெண் ஏறினால்தான் கூட்டம் சேர்கிறது என்று தெரிந்ததும் இறங்கி மேளத்தை எடுத்துக்கொண்டார். அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு. என்னிடம் அதைச் சொன்னதில்லை, ஆனால் நான் நன்றாக நடந்த நாளில் சோறு சரியாக வேகவில்லை என்பார்.

எங்கள் கழி பன்னிரண்டு முழ மூங்கில். மாமனார் காலத்தது. இரண்டு முனையிலும் கடைசிக் கணுவுக்குள் மணலை இடித்து அடைத்திருக்கும். நடுவில் பிடித்துத் தூக்கினால் இரு முனையும் லேசாகத் தொங்கும். ஏன் மணல், ஏன் இவ்வளவு நீளம் என்று நாங்கள் கேட்டதே இல்லை. கைக்குத் தெரிந்ததெல்லாம் இதுதான்: அந்தக் கழி சோம்பேறி. சட்டென்று திரும்பாது. அதைக் கெட்டியாகப் பிடித்திருக்கும்போது உடம்பும் சட்டென்று சாயாது, மெதுவாகத்தான் சாயும். அந்த மெதுவில் சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். வலப்பக்கம் சாய்ந்தால் கழியின் வலது முனையைக் கீழே அழுத்த வேண்டும். பார்ப்பவனுக்கு இது தலைகீழாகத் தெரியும். ஆனால் அழுத்தும்போது கழி திரும்ப மாட்டேன் என்று கையை எதிர்க்கும். அந்த எதிர்ப்பில்தான் உடம்பு இடப்பக்கம் நிமிரும்.

ஐம்பதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி மாதம் திண்டிவனத்துக்குப் போனோம். கழியை முன்னால் ஒருத்தர், பின்னால் ஒருத்தர் தோளில் வைத்துக்கொண்டு நடைதான். வழக்கமாக வித்தை காட்டும் ஏரிக்கரைத் திடலில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மண்டிக்காரர்கள் நல்லவர்கள், எங்கள் தெருவிலேயே கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். தெருவின் ஒரு பக்கம் ஓட்டுச் சார்ப்பு நீண்டிருந்தது. மறுபக்கம் புதிதாக நட்ட மின்சாரக் கம்பம், அதில் தொங்கலாக ஓடும் கம்பி. நடுவில் கயிற்றைக் கட்டிவிட்டோம். கம்பத்தில் வேலை செய்துகொண்டிருந்த லைன்மேன் ஒருத்தர் கழியைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"இன்னாம்மா, இம்மா நீளத்த எடுத்துக்கினு மேல ஏறுவியா? இந்த முனை ஒயர்ல பட்டா நீ கரிக்கட்டதான். மூங்கிலு ஈரமா கீது பாரு. ஈரம் கரண்ட்ட இழுக்கும்."

அவர் சொன்னது நியாயம். கயிற்றைத் தாழ்த்திக் கட்டலாம் என்றால் வண்டி மாடு போகிற தெரு. என் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மண்டியில் ரம்பம் வாங்கி வந்து, நான் வாயைத் திறப்பதற்குள் கழியின் ஒரு பக்கத்தில் மூன்று முழம் அறுத்துவிட்டார்.

"இன்னா மாமா பண்ற நீ?"

"கம்முனு இரு. வெயிட்டு கொறையாம நான் பாத்துக்கிறேன்."

மறுபக்கமும் மூன்று முழம் போனது. அறுத்த துண்டுகளை மண்டித் தராசில் ஒரு தட்டில் வைத்தார். கொல்லன் பட்டறையிலிருந்து வண்டிப் பட்டை இரும்புத் துண்டுகள் கொண்டுவந்து மறுதட்டில் வைத்தார். முள் நடுவில் நின்றது. அந்த இரும்பை ஆறு முழக் கழியின் நடுவில், கை பிடிக்கும் இடத்துக்கு இரு பக்கமும் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். "பாத்தியா, குண்டுமணி அளவு கூட கொறையல" என்றார். மண்டிக்காரர்கள் தலையை ஆட்டினார்கள். தராசை வைத்துப் பிழைப்பவர்கள், அவர்களுக்கு வேறு என்ன தெரியும்.

நான் தரையில் நின்றபடியே கழியை வாங்கிப் பிடித்தேன். கனம் அதேதான். ஆனால் மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் போதும், சட்டென்று திரும்பியது. பழைய கழியிடம் ஒரு பிடிவாதம் இருந்தது, இதில் அது இல்லை. எதிர்க்காத கழியை அழுத்தி என்ன பயன்? இதையெல்லாம் இன்றைக்கு எழுதுகிறேன். அன்றைக்கு எனக்கு வந்த வார்த்தை இரண்டுதான்.

"நல்லால்ல மாமா."

"இன்னா நல்லால்ல?"

"தெரியல. எனக்கு வாணாம். நான் ஏற மாட்டேன்."

தராசே சொல்லியும் நான் கேட்கவில்லை என்றதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. அத்தனை பேருக்கும் கேட்க, "இவளுக்கு ஒடம்பு வச்சிப்போச்சி, பயம் வந்துடுச்சி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார். கூட்டம் சிரித்தது. நான் வாழ்க்கையில் பயந்து கயிற்றிலிருந்து இறங்கியவள் இல்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

"அப்ப நீயே ஏறு" என்றேன்.

"ஏறுறேன்டி. மேளத்த எடு."

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மேளம் ஓடும் வரைக்கும் மேலே இருப்பவர் நடப்பார். மேளம் நின்றால் ஏதோ கோளாறு என்று அர்த்தம். என்ன ஏது என்று கேட்காமல், இருக்கிற இடத்திலேயே கயிற்றின் மேல் குந்திவிட வேண்டும். கீழே இருப்பவருக்குக் கயிற்றில் அறுந்த பிரி தெரியும், கயிற்றைத் தாங்கும் முட்டுக்கால் அசைந்தால் தெரியும், மேலே இருப்பவருக்குத் தெரியாது. அதற்காக ஏற்படுத்திய வழக்கம்.

அவர் ஏறினார். முதல் நாலு எட்டு அழகாகத்தான் வைத்தார். பழகின கால் அல்லவா. ஐந்தாவது எட்டில் லேசாக இடப்பக்கம் சாய்ந்தார். எப்போதும் போல் இடது முனையை அழுத்தினார். கழி சரேலென்று செங்குத்தாகத் திரும்பிவிட்டது, உடம்பு நிமிரவில்லை. எப்படியோ இடுப்பை ஒடித்து நிமிர்ந்துவிட்டார். அவர் முகத்தில் ஒரு திகைப்பு வந்ததை நான் பார்த்தேன். நான் மட்டும்தான் பார்த்தேன், மற்றவர்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

என் கை மேளத்தில் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தவில்லை. இன்னும் ரெண்டு எட்டு போகட்டும், இன்னும் ஒரு தரம் தள்ளாடட்டும், நல்லா வேணும் என்று இருந்தது. தள்ளாடிவிட்டு இறங்கி வந்து, இத்தனை பேர் முன்னால் என் முகத்தைப் பார்க்கட்டும் என்று இருந்தது. விழுவார் என்று நான் நினைக்கவில்லை. இதை எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். ஆனால் அவர் தள்ளாட வேண்டும் என்று நினைத்தது உண்மை.

எட்டாவது எட்டில் வலப்பக்கம் போனார். பழைய கழியாக இருந்தால் ஒன்று, இரண்டு என்று எண்ணுகிற அளவுக்கு நேரம் கிடைத்திருக்கும். இதில் கிடைக்கவில்லை. இரும்போடு கழி முதலில் விழுந்தது. அவர் ஓட்டுச் சார்ப்பின் விளிம்பில் முதுகு பட்டுக் கீழே வந்தார். என் கை அதற்குப் பிறகும் இரண்டு அடி அடித்துவிட்டுத்தான் நின்றது.

ஆஸ்பத்திரியில் இரண்டு மாதம். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி திரும்பவில்லை. மண்டி வண்டி ஒன்றில் வைக்கோல் பரப்பி அவரை விழுப்புரத்துக்குக் கொண்டுவந்தேன். வித்தை அதோடு முடிந்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு ஆக்கும் வேலை கிடைத்தது. எழுத்து கற்றுக்கொண்டதும் அங்கேதான், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து. அவர் பாயிலேயே கிடந்தார். என்னைத் திட்டவே இல்லை. திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன், கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மூன்று வருஷம் இப்படிப் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உலக்கையையும் இரண்டு அரைச் செங்கல்லையும் கேட்டார். கொண்டுவந்து கொடுத்தேன். செங்கல்லை உலக்கையின் இரு முனையிலும் கட்டச் சொன்னார். மல்லாந்து படுத்தபடி நடுவில் பிடித்து, மார்புக்கு மேலே தூக்கி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கை நரம்பு புடைத்தது. உலக்கை மெதுவாகத்தான் திரும்பியது. பிறகு இரண்டு செங்கல்லையும் நடுவுக்குத் தள்ளிக் கட்டச் சொல்லித் திருப்பினார். விசிறி போலத் திரும்பியது. மறுபடி பாதி தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"பாதி தூரம் உள்ள வந்தா எதுப்பு பாதியாதான் கொறையணும்? அப்டி இல்ல புள்ள. அதவிட ரொம்ப கொறஞ்சிப்போவுது. வெயிட்டு அதே வெயிட்டுதான். எங்க கீதுன்றதுதான் விசயம். தூரக்க இருந்தாதான் அது திரும்பாம நிக்கும். அப்பன் மணல மொனையில அடச்சது அதுக்குத்தான்."

"ஆமா மாமா."

"நான் அத அறுத்துப்புட்டு, இரும்ப கைகிட்ட கட்டனேன்."

உலக்கையை நெஞ்சின் மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"ஒனக்கு அன்னிக்கே தெரியும்ல?"

"கைக்குத் தெரிஞ்சிது. சொல்லத் தெரியல."

"சொன்னியே. எனக்கு வாணாம்னு சொன்ன. ஒனக்கு வாணாம்னுதான் சொன்ன, நீ ஏறாத மாமான்னு சொல்லல." மூச்சு விட்டுக்கொண்டார். "அத உடு. அஞ்சாவது எட்டுல நான் ஆடனத நீ பாத்த. நானும் ஒன்ன பாத்தேன். மேளத்த ஏன் நிறுத்தல?"

பொய் சொல்லியிருக்கலாம். கை ஓடவில்லை, பயத்தில் மறந்துவிட்டேன் என்றால் நம்பியிருப்பார். நம்ப வேண்டும் என்றுதான் கேட்டாரோ என்னவோ. மூன்று வருஷமாகத் தொண்டையில் இருந்தது வெளியே வந்துவிட்டது.

"நீ இன்னொரு தபா தள்ளாடணும்னு இருந்திச்சி மாமா."

அவர் தலையை ஆட்டினார். உலக்கையை எடுத்து என்னிடம் நீட்டினார், வாங்கிச் சுவரில் சாத்தினேன். பிறகு, "என்னக் கொஞ்சம் சொவுத்துப் பக்கம் திருப்பி உடு" என்றார்.

அவரால் தானாகத் திரும்ப முடியாது. தோளுக்கு ஒரு கையும் இடுப்புக்கு ஒரு கையும் கொடுத்து, நான்தான் அவரை என்னிடமிருந்து அந்தப் பக்கம் திருப்பிவிட்டேன்.