அண்ணனின் டீ-ஷர்ட்டில் மூன்று சொல்

அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கள் ஃப்ளெக்ஸ் கடை. டிசைன் என் வேலை, மெஷின் என் கணவர் வேலை. கல்யாண சீசன் வந்தால் இரண்டு பேருக்கும் சாப்பிடக்கூட நேரம் இருக்காது. எனக்கு இயல்பிலேயே பொறுமை கொஞ்சம் குறைவு என்பதால், அந்த மாதங்களில் கடைக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துப் பேசுவதைவிட அவரைப் பார்த்துப் பேசுவதையே விரும்புவார்கள்.

அந்த அம்மா மட்டும் நேராக என்னிடம் வந்தார். விக்கிரமங்கலத்துக்காரர், மகளுக்குக் கல்யாணம். பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒரு மெரூன் டீ-ஷர்ட்டை எடுத்து மேஜைமேல் விரித்தார். நெஞ்சில் வெள்ளை எழுத்தில் 'எங்க தங்கச்சி கல்யாணம்' என்று அச்சடித்திருந்தது. இப்போது எங்கள் பக்கம் அதுதான் வழக்கம். பெண்ணின் அண்ணன்மார், பெரியப்பா பிள்ளைகள், சித்தப்பா பிள்ளைகள் எல்லாரும் ஒரே டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு பந்தி வேலையைப் பார்ப்பார்கள்.

"எல்லாப் பயலும் போட்டுக்கப் போறான். பெத்த மவனுக்குத்தான் லீவு குடுக்கல. துபாய்ல கெடக்கான்," என்றார். "வர்றவங்க எல்லாம் ஒடம்பொறந்தவன் எங்கன்னு கேப்பாங்கம்மா. ஆளுக்கு ஆள் என்ன பதில் சொல்றது? ஃப்ளெக்ஸ்ல அவன் தங்கச்சி பக்கத்துல இந்த சட்டையோட நிக்கணும். எழுத்து பளிச்சுனு தெரியணும். நடக்குமா?"

நடக்கும் என்று சொல்லிவிட்டேன். அப்போதுதான் படத்தில் இருப்பவரின் உடையை மாற்றும் ஏஐ ஆப் ஒன்றைப் புதிதாக வாங்கியிருந்தோம்; அந்தத் தெம்பு.

மகன் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிய படத்தில் கம்பெனி யூனிஃபார்மில், கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். ஆப்பில் அவன் படத்தையும் டீ-ஷர்ட் படத்தையும் கொடுத்தேன். சட்டை அசலாக வந்தது. மெரூன் நிறம், கழுத்துப் பட்டி, தோள் தையல் எல்லாம் சரி. எழுத்து மட்டும் எந்த மொழியிலும் இல்லை. தூரத்தில் தமிழ் மாதிரி, கிட்டப் போனால் மலையாளம் மாதிரி, இன்னும் கிட்டப் போனால் ஜிலேபி. அந்த வாசகத்தையே ஆப்புக்கு டைப் செய்து கொடுத்தும் பார்த்தேன். ஜிலேபியின் சுழி மாறியதே தவிர படிக்க ஒன்றும் வரவில்லை.

கோபம் ஆறிய பிறகு யோசித்தேன். இந்த ஆப் சட்டையை வெட்டி ஒட்டுவதில்லை. புதிதாக வரைகிறது. துணிக்கு எந்த மடிப்பு எந்தப் பக்கம் விழுந்தாலும் அது துணிதான். எழுத்துக்கு ஒரு கோடு தவறினாலும் அது எழுத்து இல்லை. அதற்கு எழுத்தும் ஒரு கோலம்தான், படிக்கத் தெரியாது.

அதனால் எழுத்தை அதன் கையில் கொடுக்கக்கூடாது என்று முடிவு செய்தேன். எழுத்தே இல்லாத வெறும் மெரூன் சட்டையை வரையச் சொன்னேன். பிறகு நானே ஃபாண்ட்டில் டைப் செய்து நெஞ்சின்மேல் வைத்தேன். மறுநாள் வந்த அந்த அம்மா பார்த்துவிட்டு, "இது சட்டையில எழுதுனாப்ல இல்லியேம்மா. கழுத்துல போர்டு மாட்டிவுட்டாப்ல இருக்கு," என்றார். சொன்னதில் தப்பே இல்லை. போதாததற்குக் கட்டிய கைக்கு மேலேயே எழுத்து ஓடியது. எனக்கு முகம் சிவந்துவிட்டது.

"கையத் தொங்கப்போட்டு நிக்கிற மாதிரி ஒரு போட்டோ வேணும்மா," என்றேன். அவர் அங்கேயே மகனுக்கு வீடியோ கால் போட்டார். அவனுக்குச் சாப்பாட்டு நேரம். தட்டை வைத்துவிட்டு ஒரு சுவரோரம் போய் நின்றான்.

"அக்கா, சிரிக்கவா வேணாமா?" என்று என்னைக் கேட்டான்.

"தங்கச்சி கல்யாணத்துல எப்படி நிப்பீங்களோ அப்படி நில்லுங்க தம்பி," என்றேன்.

கொஞ்ச நேரம் அவன் சிரிக்கவும் இல்லை, சிரிக்காமலும் இல்லை. அந்த முகத்தோடு பக்கத்திலிருந்தவரை எடுக்கச் சொல்லி ஒரு படம் அனுப்பினான். அதைப் பார்த்த பிறகு இது எனக்குப் பத்தோடு பதினொன்றான ஆர்டர் இல்லை.

அந்தப் புதுப் படத்துக்கு வெறும் சட்டையைப் போட்டேன். அசல் டீ-ஷர்ட்டை நிழலில் மடிப்பில்லாமல் விரித்து, நேர் மேலிருந்து போட்டோ எடுத்து, வெள்ளை எழுத்தை மட்டும் பிரித்தேன். அதை அவன் நெஞ்சின் வளைவுக்கு வளைத்து, மடிப்பு போகும் இடத்தில் எழுத்தையும் கொஞ்சம் இழுத்து, துணியின் நிழல் எழுத்தின்மேலும் விழும்படி செய்தேன். ஒரு மடிப்பு 'தங்கச்சி'யின் நடுவே போனது. அதைமட்டும் சற்று ஓரம் ஒதுக்கினேன். நிஜத்துக்குக் கொஞ்சம் பொய்தான். ஆனால் படிக்க முடிந்தது. அந்த அம்மா திரையைத் தொட்டு ஒரு சொல் விடாமல் படித்துவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் மதியம் மண்டபத்துக்குப் போனேன். அழைத்திருந்தார்கள், அதைவிட, ஃப்ளெக்ஸைக் கட்டிய பிறகு என் வேலையைப் பார்க்கும் ஆசை. ஃப்ளெக்ஸ் ஏற்கெனவே வாசலில் ஏறியிருந்தது. அடியில் அந்த அம்மா மட்டும் அண்ணாந்து நின்றார்.

"ஏம்மா, அன்னிக்குப் படிச்சனே... இப்ப படிக்க வரலியே. எனக்குத்தான் கண்ணு தெரியலியா?"

அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. ஃப்ளெக்ஸில் மகன் நெஞ்சில் பழைய ஜிலேபி சுடச்சுட உட்கார்ந்திருந்தது.

கணவருக்குப் போன் போட்டேன். "அந்தத் தம்பி படத்த என்ன பண்ணுனீங்க?"

"சின்ன படமா இருந்துச்சு, பெரிசாக்கற சாஃப்ட்வேர்ல ஒரு தடவ ஓட்டி வச்சேன். எல்லாத்துக்கும் செய்யறதுதானே. ஏன்?"

எங்கள் கடையில் எல்லாப் படத்துக்கும் அப்படித்தான் செய்வோம். செல்போன் படத்தைப் பத்தடிக்கு இழுத்தால் கட்டம் கட்டமாக உடையும், முகம் கெட்டுப்போகும். ஆனால் அந்த சாஃப்ட்வேரும் வெறுமனே இழுப்பதில்லை, இல்லாததை யோசித்து வரைகிறது. நான் பாடுபட்டு உட்காரவைத்த எழுத்தையும் அது துணியோடு சேர்த்து மறுபடி வரைந்துவிட்டது. படம் பெரிதான பிறகுதான் எழுத்து ஏறியிருக்க வேண்டும். எழுத்துக்குப் பிறகு எந்த மெஷினும் அதைத் தொட்டிருக்கக்கூடாது. போனில் நான் போட்ட சத்தத்தில் சமையல்காரர்கள் வெளியே வந்து எட்டிப் பார்த்தார்கள்.

முழு ஃப்ளெக்ஸையும் இறக்கி அடிக்க நேரமில்லை. கடைக்கு ஓடினேன். கணவர் பெரிதாக்கிய படத்திலேயே நெஞ்சுப் பகுதியை வெறும் துணியாக்கி, அசல் எழுத்தை அந்த அளவுக்கே புதிதாக ஏற்றினேன். நிறம் மாறக்கூடாது என்று அதே ரோலில், அதே மெஷினில் சட்டையை மட்டும் அடித்தோம். கழுத்துப் பட்டி, சட்டைக் கையின் தையல், இடுப்பு ஓரம் என்று சட்டையின் விளிம்போடேயே கத்தரித்தேன். ஒட்டு தையலோடு தையலாக மறைந்துவிடும். கணவர் பசை டப்பாவோடு பைக்கை எடுத்தார். ஏணியில் நான்தான் ஏறினேன். வேறு யார் கையையும் அன்று நம்ப எனக்கு மனசில்லை.

கீழே அந்த அம்மா போனை உயரத் தூக்கி மகனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் புதுச் சட்டையை ஒட்டி, குமிழி இல்லாமல் துணியால் தேய்த்து முடித்து இறங்கினேன். போனில் மகன், "எழுத்து தெரியுதுக்கா," என்றான். அவ்வளவுதான்.

அந்த நேரம் திருமானூர் பஸ்ஸிலிருந்து இறங்கி, கல்யாணப் பெண்ணின் அத்தை ஒருவர் பையோடு வந்தார். வாசலில் நின்று அண்ணாந்து, 'எங்க... தங்கச்சி... கல்யாணம்' என்று வாய்விட்டுப் படித்தார். திரும்பி அந்த அம்மாவைக் கேட்டார்.

"என்ன அண்ணி, ஒம் மவன் வரலன்னாங்க. வந்துட்டானா?"

அந்த அம்மா போனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேலே பார்த்தார்.

"வந்துட்டான். வாசல்லயே நிக்கிறான் பாரு."