மண்கட்டி வீட்டுக்கு நான் எழுதிய சுருக்கம்

காரைக்கால் இந்தியாவோடு சேர்ந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருந்தது. பொதுப்பணி அலுவலகத்தில் நான் வரைவாளன். படித்ததெல்லாம் பிரெஞ்சு. ஆங்கிலத்தை வேலைக்காக, முப்பது வயதுக்கு மேல், தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டேன். அதில் ஒரு வாக்கியம் சரியாக அமைந்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எனக்குக் கால் தரையில் பாவாது.

சென்னையிலிருந்து மாற்றலாகி வந்த எஞ்சினீயர், தலத்தெருவில் ஏழைகளுக்கென்று சோதனையாக ஒரு வீடு கட்டினார். சுடாத மண்கட்டி வீடு. வயல் களிமண்ணோடு ஆற்று மணலைக் கலந்து, பதினாறு பங்குக்கு ஒரு பங்கு சிமெண்ட் சேர்த்து, ஈரம் காட்டிப் பிசறி, நெம்புகோல் வைத்த இரும்பு அச்சில் அமுக்கி எடுப்போம். ஒரு பிடி கலவையை உருட்டி இடுப்பு உயரத்திலிருந்து போட்டுப் பார்ப்பது என் வேலை. நாலைந்து துண்டாக உடைந்தால் ஈரம் சரி. அப்பளமாக நசுங்கினால் தண்ணீர் அதிகம், பொடியாகச் சிதறினால் குறைவு. கட்டிகளை வைக்கோலால் மூடி மூன்று வாரம் தண்ணீர் தெளித்து வைத்தோம்.

வீடு ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நின்றது. டில்லியில் நடக்கவிருந்த வீட்டுவசதி மாநாட்டுக்கு எஞ்சினீயர் கட்டுரை தயாரித்தார். அதற்கு முன்னால் ஒரு சுருக்கம் அனுப்ப வேண்டும்.

"இருநூறு வார்த்தைக்கு மேல போனா திருப்பி அனுப்பிடுவாங்க. நீங்களே குறைச்சுக் கொண்டாங்க" என்று என்னிடம் கொடுத்தார்.

பதினெட்டு வார்த்தை அதிகமாக இருந்தது. இரண்டு வாக்கியங்களில் ஒன்று போக வேண்டும். ஒன்று, அடிச்சுவர் தரைக்கு மேல் ஒன்றரை அடி வரை சுட்ட செங்கல், அதன்மேல் ஈரம் ஏறாமல் தார் பூசிய சிமெண்ட் பூச்சு என்பது. மற்றொன்று, எஞ்சினீயர் எழுதியதில் இல்லாமல் நானாகச் சேர்த்த கடைசி வாக்கியம்: இத்தகைய கட்டிகள் கடலோர மண்ணிலும் நிலைத்து நிற்கும். விவரம்தான் கட்டுரையில் இருக்கிறதே என்று செங்கல் வாக்கியத்தை அடித்தேன். எஞ்சினீயர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டார்.

மாநாடு முடிந்து புத்தகம் வந்தது. அதில் சுருக்கங்கள் மட்டுமே அச்சாகியிருந்தன. நான் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் திரிந்தேன். நெல் வியாபாரம் செய்த ஒரு மரைக்காயர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"படிச்சுச் சொல்லுங்க தம்பி. நம்ம நெல்லுக் கிட்டங்கியில வேல பாக்குறவங்களுக்கு ரெண்டு வீடு கட்டலாம்னு நிய்யத்து வச்சிருக்கேன்."

கலவைக் கணக்கையும் அச்சையும் படித்துச் சொல்லி, கடைசி வாக்கியத்தை மட்டும் இரண்டு முறை தமிழில் சொன்னேன். செங்கலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தோன்றவில்லை. அடுத்த வாரமே என்னைப் பாண்டிச்சேரிக்கு ஒரு வருட வேலைக்கு அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது மாசி மாதம். மரைக்காயர் ஆள் அனுப்பியிருந்தார். போனேன். கடலோர மனையில் இரண்டு வீடுகள். தரையிலிருந்தே மண்கட்டி. மழையில் ஊறிய சுவர் காயக் காய, உப்பு வெள்ளையாகப் பூத்து, முழங்கால் உயரத்துக்குத் தோல் தோலாக உரிந்திருந்தது. கை வைத்தேன், ஒரு பிடி மண் கையோடு வந்தது.

ஒரு வீட்டில் நெல் தூற்றும் பெண் ஒருத்தி, இரண்டு பிள்ளைகளோடு குடியிருந்தாள். முறத்தில் மண்ணை வாரிக்கொண்டிருந்தாள்.

"நானும் தினம் ரெண்டு தடவ கூட்டுறேங்க. கூட்டக் கூட்டக் கொட்டுது. ராத்திரியில புள்ளைவள அந்தச் சுவரு ஓரமா படுக்க வைக்கறதில்லைங்க" என்றாள்.

மரைக்காயர் கோபப்படவில்லை. "கடலோரத்துலயும் நிக்கும்னு நீங்கதானே தம்பி படிச்சீங்க?" என்று மட்டும் கேட்டார்.

"அடியில செங்கல் வைக்கணும் பாய். எழுதியிருந்தது. நான்தான் அடிச்சுட்டேன்."

"இடம் பத்தலையா?"

"இடம் இருந்துச்சு பாய். அதுல என் வாக்கியத்த வச்சுட்டேன்" என்றேன்.

எஞ்சினீயரிடம் சொன்னேன். முகம் சுருங்கியது. "நானும் படிக்காமத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார். மறுநாளே ஆட்களோடு வந்தார். கூரைக்கு முட்டுக்கொடுத்து, அடிச்சுவரை மூன்று மூன்று அடியாக அறுத்தெடுத்துச் செங்கல் வைத்தோம். மாதக்கணக்கில் ஆனது. மாநாட்டுக்காரர்களுக்குத் திருத்தம் எழுதிப் போட்டேன். புத்தகம் எல்லா ஊருக்கும் போய்விட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று ஒரு கார்டு வந்தது. வேறு எந்தக் கடலோரத்தில் யார் அதைப் படித்துக் கட்டினார்கள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

செப்பனிட்ட வீடுகள் நன்றாகவே நின்றன. ஒன்றில் வேறு ஆள் குடிவந்தார். அந்தப் பெண் மட்டும் தன் வீட்டுக்குத் திரும்பி வரவில்லை. வேலை நடந்தபோது பக்கத்தில் போட்டுக்கொண்ட கீற்றுக் குடிசையிலேயே இருந்துகொண்டாள். நான் நேரில் போய்ச் சுவர் இனி உதிராது என்று சொன்னேன்.

"இருக்கட்டுங்க. இது விழுந்தாலும் கீத்துதானே விழும்" என்றாள்.