பசீன் அணியின் ஒரே ஆட்டக்காரர்

மதுரை காளவாசலுக்கு மேற்கே, பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடியிருப்பை ஒட்டிய கண்மாய் பங்குனியில் வறண்டுவிடும். அங்கேதான் அந்த வருடம் ஐவர் கால்பந்துப் போட்டி. அணிக்குப் பத்து ரூபாய் கட்டணம். பந்துக்கும் சுண்ணாம்புக்கும் சோடாவுக்கும் போக மிச்சத்தில் ஒரு கோப்பை. பர்மாவில் விட்டு வந்த ஊர்தான் அணியின் பெயர்; அந்த ஊர்க்காரர்கள் மட்டுமே அதில் ஆடலாம். ரங்கூன், மௌல்மீன், பெகு என்று ஏழு அணிகள் சேர்ந்திருந்தன.

நடத்தியவனும் நடுவரும் தவசிதான். லேத்துப் பட்டறையில் வேலை. விதிகளைத் தானாகவே படித்துக் கற்றவன். பட்டறையில் நூலளவு பிசகைப் பொறுக்காதவன், இதிலும் அப்படியே. ஏழு அணி என்பது அவனை உறுத்தியது. ஓர் அணி முதல் சுற்றில் ஆடாமலே மேலே போகும், அதற்குச் சண்டை வரும். எட்டு இருந்தால் சனிக்கிழமை நாலு ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை மூன்று, கணக்குச் சரியாக முடியும்.

எட்டாவதாகப் பத்து ரூபாயை நீட்டியவர் மொக்கைச்சாமி. மெத்தை தலையணை தைப்பவர், நாற்பது தாண்டியவர். பசீன்காரர். அந்த ஊரிலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்தது அவர் ஒருவர்தான்.

“மத்த நாலு பேரு யாருண்ணே?”

“பேரை எழுதிக்க தவசி. ஆட்டத்துக்கு நான் வாரேன்.”

ஆள் சேராவிட்டால் விதிப்படி எதிரணிக்கு வெற்றி, அதில் சண்டைக்கு இடமில்லை என்று தவசி எழுதிக்கொண்டான். கரும்பலகையில் ‘மௌல்மீன் – பசீன்’ என்று முதல் ஆட்டமாகப் போட்டான்.

சனிக்கிழமை மாலை மொக்கைச்சாமி கைலியை மடித்துக் கட்டி, வெறுங்காலோடு கோட்டுக்குள் வந்து நின்றார். தனியாக. மௌல்மீன் தலைவன் சோலை, மில்லில் பஞ்சுப் பேல் தூக்குகிறவன், இடுப்பில் கை வைத்துச் சிரித்தான்.

“அண்ணே, உங்களுக்குக் கோல் காக்க மெத்தைய நிறுத்தலாமா?”

தவசிக்கு முகம் வெளிறியது. எத்தனை பேர் குறைந்தால் ஆட்டம் இல்லை என்று அவன் எழுதவே இல்லை. கால் மணி நேரத்துக்குள் வராத அணி தோற்றது என்று மட்டும்தான் விதி. இவர் வந்துவிட்டார். தன் விதியைத் தானே மீறினால் நாளைக்கு எவன் மதிப்பான்? விசிலை ஊதினான்.

மௌல்மீன் தொடங்கியது, ஐந்தே தட்டில் கோல். இனிப் பசீன்தான் நடுக்கோட்டிலிருந்து பந்தைத் தொடங்க வேண்டும். தவசிக்கு அப்போதுதான் உறைத்தது. தொடங்குகிறவன், வேறொருவர் மேல் படாமல் பந்தை மறுபடி தொடக் கூடாது. தட்டிக் கொடுக்க இவருக்குத் தோழர் இல்லை. ஒவ்வொரு முறையும் பந்தைத் தாமே எதிரியிடம் கொடுக்க வேண்டியதுதான். அப்படியே நடந்தது. இரண்டு, மூன்று, நாலு. கூட்டம் சிரித்துச் சிரித்து ஓய்ந்தது.

இரண்டாம் பாதியில் ஐந்தாவது கோலும் விழுந்தது. மொக்கைச்சாமி பந்தை வைத்துவிட்டு, பத்தடி தள்ளி நின்ற சோலையின் காலையே பார்த்தார். தாழ்வாக ஓங்கி அடித்தார். சோலையின் முழங்காலுக்குக் கீழே பட்டுப் பந்து அவரிடமே திரும்பி எகிறியது.

அதை அவர் தரையில் விழ விடவில்லை. முழங்காலில் ஏந்தி, குதிகாலுக்கு மாற்றி, தோளில் வாங்கி, உள்ளங்காலால் மறுபடி மேலே ஏற்றினார். பர்மாவில் பிரம்புப் பந்தை வட்டமாக நின்று ஆடுவார்களே, அந்த ஆட்டம். அதைப் பார்த்து வளர்ந்த ஜனம்தான் கரையில் நின்றது. ஆனாலும் ஐந்து பேருக்கு நடுவே, ஓடிக்கொண்டே ஒருவர் ஆடி அவர்கள் பார்த்ததில்லை. இடித்துத் தள்ளாமல் பந்தைப் பறிக்க வழியில்லை. மௌல்மீன்காரர்கள் காலை நீட்டினார்கள், பந்து அவர்கள் தலைக்கு மேலே போய் அவரிடமே இறங்கியது. விசில் தவசியின் உதட்டிலேயே நின்றது. கண்மாய்க்குள் சத்தமே இல்லை; தோலில் பந்து படும் மெல்லிய ஓசை மட்டும்.

கோலுக்கு நட்டிருந்த இரண்டு கல்லுக்கு நடுவே பந்து போய் விழுந்தது.

முதலில் வாய் திறந்தவன் சோலை. “செல்லாது. தொடங்குனவரே ரெண்டாவது தடவை தொட்டுட்டாரு.”

எல்லோரும் தவசியைப் பார்த்தார்கள். மொக்கைச்சாமி பார்க்கவில்லை, குனிந்து மூச்சு வாங்கினார். ஒரு கோல், ஊர்ப் பெயருக்கு நேரே ஓர் ஒன்று. அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று தவசிக்குப் புரிந்தது. புரிந்ததற்காகக் கொடுத்துவிடவும் முடியாது.

“சோலை, நடுவுல பந்து யாரு மேலயும் படலையா?”

சோலை தன் காலைப் பார்த்தான். புழுதிக்குள்ளும் சிவப்பாகத் தெரிந்தது. தேய்த்துக்கொண்டான்.

“பட்டுச்சு. இன்னும் எரியுது.”

“அப்ப கோல்.”

அதற்குப் பிறகும் ஆட்டம் நடந்தது. சோலையே ஆறாவதை அடித்தான். முடிந்ததும் தவசி பலகைக்குப் போய் ஆறு என்று எழுதினான், பக்கத்தில் ஒன்று என்று எழுதினான். மொக்கைச்சாமி பின்னால் வந்து நின்றார். எழுத்துக்கூட்டிப் படிப்பவர் போலத் தம் ஊரின் பெயரையும் எண்ணையும் பார்த்தார். அடுத்த ஆட்டத்துக்கு ரங்கூனும் பெகுவும் கோட்டில் இறங்கி நின்றன. அவர் நகரும் வரை தவசி விசில் ஊதவில்லை.