வாளி மாமாவின் சுத்தம்

எங்கள் மாமாவுக்குத் தெருவில் ‘வாளி’ என்று பெயர். வைத்தது நான், ஒட்டிக்கொண்டது அவருடைய தகுதியால். பம்பு மோட்டார் ரிப்பேர் செய்பவர். ஊராருக்குத் தண்ணீரை மாடியேற்றிவிட்டு, வீட்டுக்கு வந்ததும் தன் தலையில் கொட்டிக்கொள்வார். சட்டையில் ஒரு சொட்டு பட்டால் போதும், “நஜீஸ்!” அசுத்தமாம். மாடியிலிருந்து குடிதண்ணீரைச் சொட்டவிட்டே அவரைப் பலமுறை சட்டை மாற்ற வைத்திருக்கிறேன்.

மாமா மகள் கைக்குழந்தையோடு வந்திருந்தாள். பெண் குழந்தை, தாய்ப்பால் தவிர எதுவும் தெரியாது. பேத்தியைக் கூண்டுப் புலியைப் பார்ப்பதுபோல் எட்ட நின்றே பார்த்தார்.

“அத்தா, நாளைக்குக் கிளம்புறேன். ஒரு தடவையாவது தூக்குங்களேன்.”

“தொழப் போகணும்மா. இது எப்போ ஒண்ணுக்குப் போகும்னு இதுக்கே தெரியாது.”

பள்ளிவாசல் தொட்டிக்கு மோட்டார் ஓடவில்லையென்று மாமாவைக் கூப்பிட அங்கே தொழ வைக்கும் ஹஜ்ரத் வந்தார். குழந்தை சட்டையை நனைத்தால் என்ன செய்வதென்று அவள் அவரிடமே கேட்டுவிட்டாள்.

“பால்குடி ஆம்பளப் புள்ளைன்னா, பட்ட இடம் முழுக்க நனையத் தெளிச்சா போதும். பொம்பளப் புள்ளைன்னா ஊத்திக் கழுவணும். நபி சொன்ன ஹதீஸ்ல வந்திருக்கு, நம்ம ஷாஃபி மத்ஹப் பிரிவோட சட்டமும் அதான்.”

“அது ஏன் ஹஜ்ரத்?”

“ஆம்பளப் புள்ளைய ஆளாளுக்குத் தூக்குவாங்க, அடிக்கடி படும், சிரமம். அதான் சலுகைன்னு சில இமாம்கள் எழுதியிருக்காங்க.”

“சரிதான்,” என்றேன். “பொண்ணத் தூக்க ஆளில்ல, அதனால சலுகையில்ல. சலுகையில்லன்னு மாமாவும் தூக்கல. நல்லா சுத்துறீங்க செக்க.”

“வாயாடி! கழுவுன்னுதான் இருக்கு. தூக்காதேன்னு எங்கே இருக்கு?” என்றவர் மாமாவின் வாளியை எட்டிப் பார்த்தார். “இது என்ன?”

“தொட்டில் துணி சட்டையில உரசிடுச்சு. ஊறப்போட்டிருக்கேன்.”

“துணி ஈரமா இருந்துச்சா?”

“இருந்திருக்கலாம்.”

“‘கலாம்’ எல்லாம் செல்லாது. சட்டை சுத்தம்கிறது உறுதி. சந்தேகம் வந்து உறுதிய அழிக்காது. காஞ்சது காஞ்சதுல ஒட்டவும் ஒட்டாது. அப்படியே நஜீஸ்னாலும், வாளிக்குள்ள போடலாமா? ரெண்டு குல்லத்து, அதாவது இருநூறு லிட்டர் சொச்சத்துக்குக் குறைஞ்ச தண்ணியில நஜீஸ் விழுந்தா தண்ணியே நஜீஸ். தண்ணிதான் அது மேல வந்து விழுந்து ஓடணும்.”

ஆக, சட்டை சுத்தமென்றால் துவைத்தது வீண்; அசுத்தமென்றால் துவைத்தும் வீண். இத்தனை வருஷமாக அவர் கொட்டிய தண்ணீருக்கு ஒரு குளமே வெட்டியிருக்கலாம்.

மாமா வாளியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஈரக்கையை வேட்டியில் துடைத்துவிட்டு நீட்டினார். “குடும்மா.”

மோட்டார்காரர் பேத்திக்குத் தண்ணீர் இறைக்கவா தெரியாது? மார்பு வழியாக இடுப்புவரை நனைத்தாள். மாமா அசையவில்லை. மகள்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மடித்த துணியை மறுபடி மடித்தாள். அப்புறம் அவர் குழாயடிக்குப் போய், சட்டைமேல் செம்பால் ஊற்றினார். மோட்டார் பார்க்கத் தாமதம், ஹஜ்ரத் காத்திருந்தார்.

மறுநாள் கிளம்பும்வரை குழந்தை அவர் தோளில்தான். நான் செம்புத் தண்ணீரோடு மாடியில் நின்றேன். சரியாகக் கீழே வந்து நின்றார். சொட்டவிடவில்லை.

கை வலித்தது, அதனால்தான்; வேறொன்றுமில்லை.