அட்டைப்படத்தில் அம்மாவின் முகம்

அம்மா இறந்து இரண்டாவது மாதம் அந்த நாவலுக்கு அட்டை வரைய ஒப்புக்கொண்டேன். பதிப்பகம் லிட்டில் இந்தியாவில், துணிக்கடைக்கு மேல்மாடி. எடிட்டர் அக்கா மட்டும்தான் அங்கே உட்கார்ந்திருப்பார். ஒப்பந்தம் நானே எழுதியது. மூன்றாம் பாரத்தோடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவன் என்பதால் ஏமாந்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் எழுதி வைத்திருந்தேன். மூன்று ஸ்கெட்ச் தருவேன். ஒன்றைத் தேர்ந்தெடுத்த பிறகு அவர்கள் கேட்டால் இரண்டே திருத்தம். அட்டைக்கு வரும் படம் இரண்டு வருடம் அவர்களுக்கு மட்டும். அட்டைக்குப் போகாதது எல்லாம் எனக்கு.

மூன்றாவது ஸ்கெட்சில், ஃபெரிப் படகுக்குக் காத்திருக்கும் பெண்ணுக்கு அம்மாவின் முகம் வந்துவிட்டது. வேறு முகம் அப்போது என் கைக்கு வரவில்லை. அவர்கள் அதையே எடுத்துக்கொண்டார்கள். வண்ணம் தீட்டினேன். முதல் திருத்தமாகச் சேலை நிறத்தை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன்.

அப்புறம்தான் அப்பா கேட்டார், வருட நினைவு நாளுக்குப் பேப்பரில் போட அம்மா படம் வேண்டும் என்று. ஐசியில், அந்த அடையாள அட்டையில், இருக்கும் படத்தைத் தவிர எங்களிடம் ஒன்றும் இல்லை. அதில் அம்மா யாரோ மாதிரி இருப்பார். என் படத்தில்தான் அம்மா இருந்தார். அதை நான் கொடுத்துவிட்டிருந்தேன்.

மேல்மாடிக்கு ஓடினேன். ஒரே ஒரு நாள் பேப்பரில் போட அனுமதி கேட்டேன். அக்கா எழுத்தாளருக்குப் போன் செய்துவிட்டு முடியாது என்று தலையை ஆட்டினார். புத்தகம் வரும் மாதமும் அதேதான். கதாநாயகியை நினைவஞ்சலியில் பார்த்தால் வாசகர்கள் என்ன நினைப்பார்கள் என்று எழுத்தாளர் கேட்டாராம்.

"அப்ப நான் முகத்த மாத்திடுறேன்கா."

"நீயா மாத்த முடியாதுலா தம்பி. ஸ்கெட்ச் ஓகே ஆனப்புறம் நாங்க கேட்டாத்தான் திருத்தம். நீ எழுதினதுதானே."

நான் அழுதேன். ஆள் வந்து போகும் இடம் என்றுகூடப் பார்க்கவில்லை. அக்கா ஒப்பந்தத்தை எடுத்து மறுபடி படித்தார். பிறகு சொன்னார்:

"இன்னொரு திருத்தம் பாக்கி இருக்கு. நான் கேக்குறேன். முகம் வேற வேணும், வெள்ளிக்கிழமைக்குள்ள. அப்புறம் பழையது அட்டைக்குப் போகாது, உன்னுது. எழுத்தாளர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

அம்மாவைக் காப்பாற்ற அம்மாவை நானே அழிக்க வேண்டியிருந்தது. பழையதைத் தனியே சேமித்துவிட்டுத்தான் அழித்தேன். கண்ணை மாற்றினால் வாய் அம்மாவுடையதாக இருந்தது. வாயை மாற்றினால் கன்னம். வியாழக்கிழமை வரை அப்படியே போனது. கடைசியில் ஃபெரியில் எப்போதோ பார்த்த ஒரு பெண்ணின் முகத்தை வைத்து அனுப்பினேன். வெள்ளிக்கிழமை அக்கா ஓகே என்று மெசேஜ் போட்டார். இரண்டு திருத்தமும் முடிந்தது, பழைய படம் எனக்கே என்றும் எழுதியிருந்தார்.

அன்றைக்கே அப்பாவிடம் பழைய படத்தைக் காட்டினேன். போனைக் கிட்டே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"தலைய வாரி விட்டிருக்கலாம் ஐயா," என்றார். "இப்படி வெளியில வரமாட்டா அவ."

கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்த அம்மாவின் தலையை அப்படியே வரைந்திருந்தேன். அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து, வகிடு எங்கே என்று விரலால் காட்டினார்.